"பால் பொங்கியாச்சா?" என்று கேட்டால் என்ன பதில் போடுவது?

"எனக்கு 29 வயது. பிறந்து வளர்ந்தது மும்பை. தமிழ் நன்றாகப் பேசுவேன், எழுதுவது தட்டுத்தடுமாறித்தான். கணவர் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். போன பொங்கலன்று மாமியாரின் அண்ணன் எனக்குத் தனியாக 'பால் பொங்கியாச்சாம்மா?' என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தார். நான் 'தேங்க்யூ அங்கிள், சேம் டு யூ' என்று போட்டேன். அவர் வருத்தப்பட்டதாக அப்புறம் தெரிந்தது. சரி என்று தீபாவளிக்கு நல்ல தமிழில் நீளமான வாழ்த்து ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை. இந்தப் பொங்கலுக்கு என்ன எழுதுவது? நீளமாக எழுத எனக்கு வராது. கார்த்திகையில் மாமியாரின் தங்கை கணவர் வேறு தவறிவிட்டார், அந்த வீட்டுக்கு என்ன அனுப்புவது என்றும் தெரியவில்லை."

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் உங்களுக்கு வாழ்த்து அனுப்பவில்லை, கேள்வி கேட்டார். "பொங்கியாச்சு" என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

வெளியூரில் வளர்ந்தவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள். பண்டிகை வாழ்த்து என்றாலே "வாழ்த்துகள்" என்று முடிகிற ஒரு வாக்கியம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வாக்கியம் வாழ்த்து அட்டையிலும் மேடையிலும் சுவரொட்டியிலும் வளர்ந்தது. வீட்டுக்குள் வாழ்த்து எப்போதும் கேள்வியாகத்தான் இருந்திருக்கிறது. பொங்கலன்று "பால் பொங்கியாச்சா?", தீபாவளி விடிகாலையில் சில வீடுகளில் "கங்கா ஸ்நானம் ஆச்சா?", வேறு வீடுகளில் "எண்ணெய் தேச்சுக் குளிச்சாச்சா?", கொஞ்சம் வெயில் ஏறிய பிறகு "கறி எடுத்தாச்சா?". கேட்கிறவருக்குப் பால் பொங்கியதா இல்லையா என்ற செய்தி அவ்வளவு முக்கியமில்லை. உன் வீட்டில் இன்றைக்கு எல்லாம் நல்லபடியாக நடந்ததா என்றுதான் கேட்கிறார். அதற்குப் பதில் "ஆச்சு", பிறகு "உங்க வீட்டுல?" என்று திருப்பிக் கேட்பது. அவ்வளவுதான், இரண்டு வரி. நீளமாக எழுத வராது என்று கவலைப்படுகிறீர்களே, இங்கே நீளத்துக்கு இடமே இல்லை.

உங்கள் பதிலில் "தேங்க்யூ", "அங்கிள்", "சேம் டு யூ" என்று மூன்று துண்டு இருந்தது. மூன்றும் மூன்று விதமாகத் தப்பியிருக்கிறது, தனித்தனியாகப் பார்ப்போம்.

"தேங்க்யூ"வை எடுத்துவிட்டு "நன்றி" என்று போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. சொந்தத்துக்குள் நன்றி சொல்லும் வழக்கம் நம்மிடம் குறைவு. பரிமாறும் அத்தைக்கு நன்றி சொல்லிப் பாருங்கள், "என்னடி புதுசா?" என்று கேட்பார். நன்றி சொன்னால் கணக்குத் தீர்த்த மாதிரி ஆகிவிடுகிறது, ஊரில் வளர்ந்த பெரியவர்களுக்கு அது விலகல் போலக் கேட்கும். அந்த இடத்தில் அவர்கள் சொல்வது "சந்தோஷம்". "ரொம்ப சந்தோஷம்", "நீங்க கேட்டதே சந்தோஷம்". நன்றி செய்கிற வேலையை அது செய்துவிடும், கணக்கும் தீராது. அலுவலக மேலாளருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் பிள்ளையின் ஆசிரியருக்கும் நன்றி தாராளமாகச் சொல்லலாம், அங்கே அதுதான் பொருத்தம்.

"அங்கிள்"தான் உண்மையில் வலித்த இடம் என்று நினைக்கிறேன். அவர் உங்கள் கணவருக்குத் தாய்மாமா. காது குத்தில் மடியில் உட்காரவைத்தவர், கல்யாணத்தில் சீர் கொண்டுவந்தவர், இன்றைக்கும் அநேகமாக வருஷா வருஷம் தங்கச்சி வீட்டுக்குப் பொங்கல் சீர் அனுப்புகிறவர், அதாவது அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம். அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. "அங்கிள்" என்பது அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளருக்கும் பொருந்துகிற சொல். அவர் எதிர்பார்த்தது முறை சொல்லிக் கூப்பிடுவதை.

சரி, என்ன முறை? இங்கேதான் பலரும் கணவரைப் பார்த்து அப்படியே சொல்லிவிடுவார்கள். கணவர் "மாமா" என்கிறார், நானும் "மாமா" என்று. பழைய முறைப்படி அது சரிவராது. கணவரின் அம்மா உங்களுக்கு அத்தை. அத்தை என்றால் அப்பாவோடு பிறந்தவள் என்ற இடம். அத்தையின் அண்ணன் என்றால்? உங்கள் அப்பாவின் இடத்தில் இருக்கிறவர், அப்பாவுக்கு மூத்த முறை. அதனால் உங்களுக்கு அவர் பெரியப்பா, அவர் மனைவி பெரியம்மா. மாமனாரின் அண்ணன் வேறு, அவர் பெரிய மாமா. அத்தையின் தங்கை சின்ன அத்தை, அவர் கணவர் மாமா முறை. அத்தை மகனைக் கட்டுவதும் மாமன் மகளைக் கட்டுவதும் வழக்கமாக இருந்த ஊர்களில் இந்தக் கணக்கு தானாகப் பொருந்திவிடும், உங்களைப் போல வெளியிலிருந்து வந்த மருமகளுக்கும் அதே கணக்கைத்தான் நீட்டுவார்கள். இப்போது பல வீடுகளில் எல்லாரையும் "மாமா" என்று ஒரே அடியாகக் கூப்பிட்டுவிடுகிறார்கள், சண்டை ஒன்றும் வருவதில்லை. ஆனால் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், அதுவும் ஏற்கெனவே மனம் சுணங்கியவர், "பெரியப்பா" என்ற சொல்லைப் படித்தால் உங்களுக்கு யாரோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நீங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார். அனுப்புவதற்கு முன்னால் உங்கள் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், "உங்க அண்ணனை நான் என்னன்னு கூப்பிடணும்?" என்று. ஏற்கெனவே உங்களுக்குள் ஏதாவது உறவு இருந்தால் முறை மாறும், அவர்கள் வீட்டு வழக்கமும் வேறாக இருக்கலாம். அவர் சொல்வதுதான் விடை, நான் சொல்வதில்லை. தவிர, நீங்கள் கேட்ட செய்தி அண்ணன் காதுக்கு அன்றைக்கே போய்விடும், அதுவும் நல்லதுதானே.

(ஒரு சின்ன சிரிப்பு: மதுரைப் பக்கம் கட்டின புருஷனையே "மாமா" என்று கூப்பிடுகிற பெண்கள் நிறைய. எனவே குடும்பக் குழுவில் வெறும் "மாமா, பொங்கல் வாழ்த்துகள்" என்று போட்டால் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.)

"சேம் டு யூ" பற்றி. வயதில் சமமானவர்களுக்குள் அது உறுத்தாது, "உனக்கும்" என்று சொல்வது போலத்தான். பெரியவருக்கும் சின்னவருக்கும் இடையில் போகிற பொருளும் வருகிற பொருளும் ஒன்றல்ல. அவர் தருவது ஆசி, நீங்கள் தருவது வணக்கம். "அதேதான் உங்களுக்கும்" என்றால் அவர் கொடுத்த ஆசியை அவரிடமே திருப்பி நீட்டுகிற மாதிரி ஆகிவிடும். இதற்காகத்தான் மேடையில் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்பார்கள். தயவுசெய்து அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், சிரிப்பார்கள். "உங்களுக்கும் பெரியம்மாவுக்கும் எங்க வணக்கம்" போதும். ஏதாவது நல்ல காரியம் நெருங்குகிறது, பரீட்சை, வீடு, குழந்தை என்று ஒன்று இருந்தால் "ஆசீர்வாதம் பண்ணுங்க பெரியப்பா" என்று கேட்கலாம், அதைக் கேட்டு மகிழாத பெரியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது தீபாவளி விவகாரத்துக்கு வருவோம். அந்த வாழ்த்தை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை, ஆனால் "தங்களுக்கும் தங்கள் குடும்பத்தினருக்கும்" என்று அதில் எங்கேயாவது இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். நல்ல தமிழ்தான், இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. வங்கி வாடிக்கையாளருக்கு அனுப்புகிறது, கட்சிக்காரர் தொகுதி மக்களுக்கு அனுப்புகிறது. மருமகள் பெரியப்பாவுக்கு அனுப்பினால் என்ன ஆகிறது பாருங்கள்: "தங்கள் குடும்பத்தினர்" என்றால் அது வேறு குடும்பம், என் குடும்பம் இல்லை என்று ஆகிறது. உங்கள் மனதில் அப்படி ஒன்றும் இல்லை, அவருக்கோ அப்படித்தான் விழும். அதற்கு மேல் "தாங்கள்", "தங்கள்" என்று போட்டால் தூரம் இன்னும் கூடும். அந்தப் பக்கம் மரியாதை "ங்க" என்ற ஒரு விகுதியிலேயே வந்துவிடுகிறது. "நீங்க", "வாங்க", "சொல்லுங்க". பேசுகிற மாதிரியே எழுதுங்கள். குடும்பத்துக்குள் போகிற செய்திக்கு யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை.

"குடும்பத்தினர்" என்ற சொல்லுக்குப் பதில் ஆளைச் சொல்லுங்கள். பெரியம்மா, அவர் மகன், மருமகள், பேரப்பிள்ளை. யாராவது ஒருவரை முறையோடு சொன்னால் போதும், அந்தச் செய்தி வேறு யாருக்கும் அனுப்ப முடியாத செய்தி ஆகிவிடும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது இல்லை என்று காட்ட இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

எல்லாம் சேர்த்தால் இந்தப் பொங்கலுக்கு அவருக்கு இப்படி எழுதலாம்:

"பெரியப்பா, இங்க பால் பொங்கியாச்சு. கிழக்குப் பக்கமா வழிஞ்சுச்சு, அத்தைக்கு ஒரே சந்தோஷம். உங்க வீட்டுல பொங்கியாச்சா? பெரியம்மாவைக் கேட்டதா சொல்லுங்க."

நாலு சின்ன வாக்கியம். முறைப்பெயர் முதலில் வந்துவிட்டது. அவர் கேட்கிற கேள்விக்குப் பதில், அதோடு இன்றைக்கு உங்கள் வீட்டில் மட்டும் நடந்த ஒன்று, பிறகு திருப்பிக் கேட்பது, ஒரு ஆளை விசாரிப்பது. எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது என்று பார்ப்பதும் கேட்பதும் பெரியவர்களுக்குப் பிடித்த விஷயம், கிழக்கே வழிந்தால் நல்லது என்பார்கள். வடக்கே வழிந்திருந்தால் வடக்கு என்று எழுதுங்கள். பொய் வேண்டாம், அத்தை போனில் உண்மையைச் சொல்லிவிடுவார். சீர் வந்திருந்தால் பாதி வேலை மிச்சம்: "நீங்க அனுப்புன கரும்புதான் பானை பக்கத்துல வச்சிருக்கோம்". சீர் வந்து சேர்ந்ததை அத்தை ஏற்கெனவே சொல்லியிருப்பார், இருந்தாலும் மருமகள் வாயிலிருந்து வருவது வேறு.

"வாழ்த்துகள்" என்ற சொல்லே இதில் இல்லையே என்று கேட்பீர்கள். வேண்டுமானால் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. இல்லாவிட்டாலும் அது வாழ்த்துதான்.

போன வருஷத்தைப் பற்றி விளக்கமோ மன்னிப்போ எழுதவேண்டாம். பண்டிகை நாளில் பழைய மனத்தாங்கலை எடுத்தால் அவருக்கும் சங்கடம், அவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று பொய் சொல்ல வேண்டியிருக்கும். முடிந்தால் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். சின்னவர்கள் முதலில் விசாரிப்பதுதான் முறை, போன வருஷம் அவர் முந்தியதே புதுசாக வந்த பெண் தனியாக உணரக்கூடாது என்ற பிரியத்தில்தான் இருக்கும். முந்தினால் எழுத்து கொஞ்சம் மாறும். கேள்வியை முதலில் வையுங்கள்: "பெரியப்பா, பால் பொங்கியாச்சா? இங்க இப்பத்தான் பொங்குச்சு." உண்மையாகவே அந்த நேரத்தில் அனுப்பினால் அழகு. தை 1 காலையில் பானை பொங்கும் நேரம் வீட்டுக்கு வீடு வேறு, கையில் மாவும் மஞ்சளும் இருக்கும், போனைத் தொட முடியாது, எனவே பத்து மணிக்கு அனுப்பினாலும் ஒன்றுமில்லை.

தாமதமாகிவிட்டது என்றாலும் பொங்கலுக்கு ஒரு வசதி இருக்கிறது. போகி, தைப்பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல் என்று நாலு நாள். காணும் பொங்கலே சொந்தபந்தங்களைப் போய்ப் பார்க்கிற நாள்தான், பெரியவர்கள் காலில் விழுந்து திருநீறும் கையில் காசும் வாங்குகிற நாள். அன்றைக்கு நீங்கள் அனுப்பினால் அது தாமதமான பதில் ஆகாது, சரியான நாளில் போன விசாரிப்பு. "பெரியப்பா, இன்னைக்கு நேர்ல வந்து கும்பிட்டிருக்கணும், இங்கிருந்தே கும்பிட்டுக்கிறேன்." தீபாவளிக்கு இந்தச் சலுகை இல்லை, அது ஒரே நாள். மறுநாள் எழுதினால் "நேத்து" என்று ஆரம்பித்து நேற்று நடந்ததில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள், "லேட்டானதுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்காதீர்கள்.

குடும்பக் குழு வேறு கணக்கு. அங்கே யாரோ ஒருவர் விடிகாலை நாலரைக்கே பானையும் கரும்பும் போட்ட படத்தைப் போட்டுவிடுவார், அதற்குக் கீழே இருபது பேர் அதே மாதிரி படம் போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் போட யாருக்கும் முடியாது, எதிர்பார்ப்பும் இல்லை. ஒரு பண்டிகைக்கு ஒரு பதில், எல்லாருக்கும் பொதுவாக. வாழ்த்து அட்டைக்குப் பதில் உங்கள் வீட்டுப் பானையைப் படம் எடுத்துப் போடுங்கள், அடியில் "எங்க வீட்டுப் பொங்கல். எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள்" என்று ஒரு வரி. பானை கறுத்திருந்தாலும் பரவாயில்லை, அதைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: உங்கள் பெயரைச் சொல்லி யாராவது எழுதியிருந்தால் அதற்கு மட்டும் தனியாகப் பதில் போடுங்கள். கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போவது பெரியவர் பேசும்போது "ம்" கொட்டிவிட்டு நகர்கிற மாதிரி. கும்பிடுகிற கை அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் ஒரு வார்த்தையோடு சேர்ந்து வரட்டும்.

சின்னவர்களுக்குப் பதில் போடுவதில் மரியாதையைக் கழற்றி வைத்துவிடலாம். கணவரின் அண்ணன் பிள்ளைகளுக்கு நீங்கள் சித்தி. அவர்கள் "ஹேப்பி பொங்கல் சித்தி" என்று அனுப்பினால் "உங்களுக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்று போட்டால் பிள்ளை பயந்துவிடும். "என்னடா, கரும்பு கடிச்சியா? பல்லு இருக்கா?" என்று கேளுங்கள். கடைசியில் "நல்லா இரு" என்று சேர்த்தால் நீங்களும் பெரிய மனுஷி.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தடுமாற்றம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். "வாழ்த்துகள்" என்பதுதான் இலக்கணப்படி சரி என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள், நானும் அப்படித்தான் எழுதுகிறேன். ஊரில் பாதிப் பேர் "வாழ்த்துக்கள்" என்றுதான் எழுதுகிறார்கள், அது உங்கள் கண்ணில் பட்டால் திருத்தப்போகாதீர்கள். பண்டிகை வாழ்த்தில் ஒற்றுப்பிழை பார்க்கிற மருமகளை யாரும் மன்னிப்பதில்லை. "பொங்கல் வாழ்த்துகள்", "தீபாவளி வாழ்த்துகள்" இரண்டிலும் நடுவில் எந்த ஒற்றும் வராது. "தமிழ்ப் புத்தாண்டு" என்பதில் மட்டும் ப் வரும்.

புத்தாண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. தை 1 அன்றே குழுவில் யாராவது "தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துகள்" என்று போடுவார், இன்னொருவர் "புத்தாண்டு சித்திரையில்தானே" என்று கிளப்புவார். தமிழ்நாட்டில் 2008-இல் தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டாக அறிவித்துச் சட்டம் வந்தது, 2011-இல் அது ரத்தாகிச் சித்திரைக்கே திரும்பியது. மனதளவில் இரண்டு கட்சியும் இன்னும் இருக்கிறது, உங்கள் குடும்பத்திலும் இருக்கும். புது மருமகள் இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. வந்த வாழ்த்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயரில் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். தையில் புத்தாண்டு என்றவருக்குத் தையிலும், ஏப்ரல் 14-இல் சொன்னவருக்கு அன்றைக்கும்.

இனி அந்தத் துக்க வீடு. இதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன், ஏனென்றால் இங்கேதான் நானே ஒருமுறை தவறினேன். பல வருஷத்துக்கு முன்னால் தீபாவளியன்று என் போனில் இருந்த எல்லாருக்கும் ஒரே வாழ்த்தை ஒரே தட்டில் அனுப்பினேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் கணவரை இழந்த ஒரு தோழிக்கும் அது போய்விட்டது. அவர் "எங்களுக்கு இந்த வருஷம் இல்லைப்பா" என்று மட்டும் பதில் போட்டார். அதைப் படித்த நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து மொத்தமாக அனுப்புவதையே விட்டுவிட்டேன். பண்டிகைக்கு முந்தின நாள் அந்த வருஷம் யார் யார் வீட்டில் பண்டிகை இல்லை என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் ஒரு சாவு நடந்தால் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கொண்டாடாமல் இருப்பது பரவலான வழக்கம். அது இறந்தவர் வீட்டோடு நிற்காது, பங்காளிகளுக்கும் உண்டு, எவ்வளவு நாள் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். உங்கள் கணக்கில் தவறியவர் மாமியாரின் தங்கை கணவர், உங்கள் மாமனாருக்குப் பங்காளி இல்லை, அதனால் உங்கள் வீட்டில் பொங்கல் வைப்பார்கள் என்றே நினைக்கிறேன், இருந்தாலும் அத்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கைக்கு ஆகாத பண்டிகை தனக்கு மட்டும் எதற்கு என்று அவரே இந்த வருஷம் அடக்கமாக வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் நான் மேலே எழுதிக்கொடுத்ததில் "அத்தைக்கு ஒரே சந்தோஷம்" என்பதை எடுத்துவிடுங்கள். பெரியப்பாவுக்கும் தவறியவர் தங்கச்சி மாப்பிள்ளைதானே, அவர் மனமும் இந்தப் பொங்கலுக்கு முழுசாக இருக்காது. "பால் பொங்கியாச்சு பெரியப்பா. சின்ன அத்தையை நெனச்சுக்கிட்டோம். பெரியம்மாவைக் கேட்டதா சொல்லுங்க." என்று இருந்தால் இந்த வருஷத்துக்கு அதுவே சரியாக இருக்கும்.

சின்ன அத்தைக்கு "வாழ்த்துகள்", "இனிய", "மகிழ்ச்சி" எதுவும் போகக்கூடாது. அதற்காக ஒன்றுமே அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். பண்டிகை நாளில்தான் அந்த வீட்டில் போன் அடிக்காது. ஊரெல்லாம் குலவை சத்தம் கேட்கும்போது அந்த வாசலில் மட்டும் கோலம் இருக்காது. பண்டிகையைப் பற்றிப் பேசாமல் ஆளை விசாரியுங்கள்:

"சின்ன அத்தை, சாப்பிட்டீங்களா? காலையில இருந்து மாமா ஞாபகமாவே இருக்கு. சாயங்காலம் போன் பண்றேன்."

சாயங்காலம் போன் பண்ணுகிற உத்தேசம் இல்லையென்றால் கடைசி வாக்கியத்தை எழுதாதீர்கள். இறந்தவரைச் சொன்னால் அழுவார்களோ என்று பயப்படுகிறார்கள் நிறையப் பேர். அழலாம். அவரை யாரும் பேச்சிலேயே எடுக்காமல் தவிர்ப்பது அதைவிடக் கஷ்டம் என்று அந்த நிலையில் இருந்தவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் பிள்ளை குழுவில் "எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்லை" என்று எழுதினால் "பரவாயில்லை" என்று போடவேண்டாம், அவர் ஒன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை. "தெரியும் தம்பி. அம்மாவைப் பாத்துக்கோ" போதும், வயதில் மூத்தவராக இருந்தால் "பாத்துக்கோங்க". சின்ன அத்தையே முந்திக்கொண்டு உங்களுக்கு "பொங்கல் நல்லா கொண்டாடுங்கம்மா" என்று அனுப்பினால் தடுமாறவேண்டாம், அப்படி அனுப்புகிறவர்கள் உண்டு. "சரி அத்தை. நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க, தை முடியறதுக்குள்ள வந்து பாக்குறோம்." வாழ்த்தைத் திருப்பாமல், வாங்கிக்கொண்டு, அவரைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். உங்கள் வீட்டுப் பானைப் படத்தைக் குழுவில் போடலாமா என்றால், மற்றவர்கள் போடுகிறார்களா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். துக்கம் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, யாரும் போடவில்லை என்றால் இந்த ஒரு வருஷம் படத்தைப் பெரியப்பாவுக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள்.

இதே ஜாக்கிரதை வேறு வீடுகளிலும் தேவைப்படும். கிறிஸ்தவக் குடும்ப நண்பர்களுக்கு ஈஸ்டருக்கு வாழ்த்து உண்டு, அதற்கு முந்தின பெரிய வெள்ளிக்கு வாழ்த்தே கிடையாது, அது துக்க நாள். காலண்டரில் சிவப்பாக இருக்கிறது என்று வாழ்த்தை அனுப்பிவிடுகிறவர்களை வருஷம்தோறும் பார்க்கிறேன்.

பெரியப்பா விஷயத்தில் இன்னும் ஒன்று. நீங்கள் அனுப்பியதும் அவரிடமிருந்து நீளமான பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த வயதுக்காரர்கள் தட்டச்சு செய்யச் சிரமப்படுவார்கள், "சரிம்மா" என்றோ "பொங்கிருச்சு" என்றோ ஒற்றை வார்த்தை வரலாம், சிலர் குரல் பதிவு அனுப்புவார்கள், அதில் பின்னால் பெரியம்மா "நானும் கேட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்வது கேட்கும். குரல் பதிவு வந்தால் நீங்களும் குரலிலேயே பதில் சொல்லுங்கள், உங்களுக்குப் பேச்சுத்தான் வருமே. "சரிம்மா" என்று மட்டும் வந்தால் அதற்கு மேல் ஒன்றும் அனுப்பவேண்டாம். பேச்சை முடிக்கிற உரிமை பெரியவருடையது, அவர் முடித்துவிட்டார்.